கனடாவிலிருந்து வந்த நான்கு தாள்கள்: வீட்டாருக்கு என்ன சொல்ல வேண்டும்?

பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் மனைவியின் கைப்பேசிக்கு டொராண்டோவிலிருந்து நான்கு படங்கள் வருகின்றன. எல்லாம் ஆங்கிலத்தில் அச்சடித்த தாள்கள். கணவரைப் பிடித்துவிட்டார்கள் என்பது மட்டும் தெரிகிறது. வீட்டில் எல்லோருக்கும் மூன்றே கேள்விகள்தான். எதற்காக அனுப்புகிறார்கள்? எத்தனை நாள் உள்ளே வைப்பார்கள்? அப்பீல் செய்ய முடியுமா?

அவற்றைப் படித்துச் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் சொந்தத்தில் ஆங்கிலம் தெரிந்த யாராவது ஒருவர் தலையில் விழும். அவர் வக்கீல் இல்லை. அவசரத்தில் நான்கு தாளையும் ஒன்றாகப் படித்துவிட்டு, “டிப்போர்ட் பண்றாங்களாம், ஜெயில்ல வச்சிருக்காங்களாம், அப்பீல் பண்ணலாமாம்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். அந்த ஒரு வரியில் மூன்று பிழைகள் இருக்க இடமுண்டு. அந்தப் பிழையால் குடும்பம் ஒரு வாரத்தைத் தவறான வேலையில் செலவழித்துவிட்டால், இருந்த ஒரே கெடுவும் கடந்துவிடும். கனடாவை வைத்து இதைப் பார்ப்போம். தமிழகத்திலிருந்தும் ஈழத்திலிருந்தும் ஏராளமானோர் வேலைக்குப் போகும் நாடு அது. அங்கே இந்த விஷயங்களை ஆள்வது 2001-இல் இயற்றப்பட்ட குடிவரவு, அகதிப் பாதுகாப்புச் சட்டம். இங்கே வரும் குடும்பம் கற்பனை. அவர்களுக்கு நடப்பவை அந்தச் சட்டம் சொல்லும் நடைமுறை.

நம் ஆள் சமையல்காரர். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு உணவகத்துக்கு வேலை அனுமதி பெற்றுப் போனவர். அனுமதியில் அந்த முதலாளியின் பெயர் மட்டுமே இருக்கும். வேறு கடையில் வேலை பார்க்கக் கூடாது. ஜூன் 30-ஆம் தேதி அனுமதி முடிகிறது. முடிவதற்கு முன்பே ஒரு ஏஜென்ட் மூலம் நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டார். அப்படி முன்கூட்டியே விண்ணப்பித்தவர், முடிவு வரும்வரை பழைய நிபந்தனைகளின்படி அங்கேயே இருந்து வேலை செய்யலாம். செப்டம்பர் 10-ஆம் தேதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அந்தக் கடிதம் ஏஜென்ட்டின் மின்னஞ்சலுக்குப் போனது. இழந்த அந்தஸ்தைத் திரும்பக் கேட்க 90 நாள் அவகாசம் உண்டு. அது டிசம்பர் 9-இல் முடிந்தது. அதைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. மறு ஆண்டு மார்ச் 3-ஆம் தேதி காலை பத்து மணிக்கு எல்லைச் சேவை முகமையின் அதிகாரிகள் கடைக்கு வந்தார்கள்.

அன்றே அவர் கையில் நான்கு தாள்கள் வந்து சேர்ந்தன.

முதல் தாள் அறிக்கை. சட்டத்தின் 44-ஆம் பிரிவின்படி ஒரு அதிகாரி எழுதியது. “இந்த நபர் இங்கே இருக்கத் தகுதி இழந்துவிட்டார் என்று கருதுகிறேன், காரணம் இது” என்று அதில் இருக்கும். குற்றச்சாட்டு என்று சொல்லலாம், தீர்ப்பு இல்லை. இரண்டாவது தாள்தான் உத்தரவு. அறிக்கையைப் பார்த்து, ஆளிடம் பேசி, அமைச்சரின் சார்பில் அதிகாரம் பெற்ற இன்னொரு அதிகாரி கையெழுத்திட்டது. மூன்றாவது, காவலில் வைத்ததற்கான தாள். நான்காவது, அந்தக் காவல் சரியா என்று பார்க்கும் விசாரணைக்கான அறிவிப்பு. முதல் இரண்டும் ஒரு சங்கிலி, அடுத்த இரண்டும் வேறொரு சங்கிலி. ஒன்று நாட்டில் இருக்கலாமா என்பதைப் பற்றியது, மற்றது இன்று இரவு எங்கே தூங்குவது என்பதைப் பற்றியது. வீட்டாருக்கு எழுதும் சுருக்கத்தில் இந்த இரண்டையும் கலக்காமல் வைத்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். உத்தரவு வந்தவர் எல்லோரும் காவலில் இருப்பதில்லை. காவலிலிருந்து வெளியே வந்ததால் உத்தரவு ரத்தாகிவிட்டது என்றும் பொருள் இல்லை.

இரண்டாவது தாளை எடுத்ததும் முதலில் தலைப்பைப் படியுங்கள். நாம் எல்லாவற்றையும் டிப்போர்ட் என்கிறோம். கனடாச் சட்டத்தில் ஒருவரை வெளியே அனுப்பும் உத்தரவு மூன்று வகை. டிபார்ச்சர் ஆர்டர் என்றிருந்தால் அது லேசானது: அமலுக்கு வந்த 30 நாளுக்குள் முறைப்படி வெளியேறினால் பிறகு திரும்பி வரத் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் 30 நாளைக் கடந்தால், யாரும் புதிதாகக் கையெழுத்துப் போடாமலே அது கடுமையான வகையாக மாறிவிடும். எக்ஸ்குளூஷன் ஆர்டர் என்றிருந்தால், வெளியேறிய நாளிலிருந்து ஓராண்டுக்குத் தனி அனுமதி இல்லாமல் திரும்ப முடியாது. பொய்த் தகவல் கொடுத்தார் என்பது காரணமாக இருந்தால் அது ஐந்தாண்டு. டிப்போர்ட்டேஷன் ஆர்டர் என்றிருந்தால் காலக்கணக்கே இல்லை. எத்தனை ஆண்டு கழித்துத் திரும்ப நினைத்தாலும் தனி அனுமதி வாங்கியாக வேண்டும்.

நம் சமையல்காரருக்கு வந்தது எக்ஸ்குளூஷன் ஆர்டர். அனுமதித்த காலம் முடிந்தும் போகாமல் இருந்தவருக்கு விதிமுறை சொல்வது அதைத்தான். ஆகவே வீட்டாரிடம் “நாடு கடத்துகிறார்கள்” என்று சொல்வது நடப்பதைப் பொறுத்தவரை சரி. “இனிமேல் வாழ்நாளில் கனடா பக்கம் போக முடியாது” என்பது தவறு. அந்தத் தவறான வரியைக் கேட்டுவிட்டுத்தான் பல குடும்பங்கள், எப்படியாவது ஒளிந்திருக்கச் சொல்லி ஆளை வற்புறுத்துகின்றன. ஓராண்டில் முடிய வேண்டிய தடை அதனால் முடிவில்லாமல் நீளுகிறது.

அடுத்து காரணம். உத்தரவில் பிரிவு எண்கள் இருக்கும். இவருடையதில் 41-ஆம் பிரிவும், அதோடு 29-ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவும் இருக்கின்றன. 41 என்பது பொதுவான வாசல்: சட்டம் சொன்னதைச் செய்யாமல் விட்டார், அல்லது செய்யக் கூடாததைச் செய்தார். என்ன செய்தார் என்பதை 29 சொல்கிறது: தற்காலிகமாக வந்தவர் அனுமதித்த காலம் முடிவதற்குள் வெளியேறியிருக்க வேண்டும், வெளியேறவில்லை. அவ்வளவுதான். இதில் திருட்டு இல்லை, மோசடி இல்லை, தண்டனை பெற்ற குற்றம் எதுவும் இல்லை. 36-ஆம் பிரிவு இருந்தால்தான் குற்றத் தண்டனை சம்பந்தப்பட்டது. 40 இருந்தால்தான் பொய்த் தகவல்.

சுருக்கம் எழுதுகிறவர் இங்கே மிகவும் கட்டுப்பாடாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அனுமதி முடிந்த பிறகும் அவர் வேலை பார்த்தது நமக்குத் தெரியும். அதிகாரிகளுக்கும் ஒருவேளை தெரியும். ஆனால் உத்தரவில் அது இல்லை. இல்லாததைச் சுருக்கத்தில் சேர்க்கக் கூடாது. வீட்டார் அந்தச் சுருக்கத்தைப் பத்துப் பேருக்கு அனுப்புவார்கள், ஊரில் இருக்கும் ஒரு வக்கீலிடம் காட்டுவார்கள், நாளை வேறு நாட்டுக்கு விசா கேட்கும்போது அதைப் பார்த்தே படிவம் நிரப்புவார்கள். தாளில் எழுதாத ஒரு குற்றத்தை நம் கையாலேயே எழுதிக் கொடுத்ததாகிவிடும். அதேபோல, தாளில் இருப்பதை மென்மையாக்கவும் கூடாது. “சின்ன பேப்பர் பிரச்சினை” என்று எழுதினால், அடுத்து வரும் கெடுவை யாரும் மதிக்க மாட்டார்கள்.

உத்தரவின் அடியில் அவருடைய கையெழுத்தும் இருக்கும். “கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டாரே, எல்லாத்தையும் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே” என்று வீட்டில் கலங்குவார்கள். அந்தக் கையெழுத்து தாளைப் பெற்றுக்கொண்டதற்கு. அதன் பக்கத்தில் இருக்கும் தேதிதான் முக்கியம். அதைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கெடுக்கள் அங்கிருந்துதான் எண்ணப்படுகின்றன.

இப்போது காவல். குடும்பத்தை அதிகம் வதைப்பது இதுதான். தாளில் அதிகம் விளக்கம் இல்லாததும் இதற்குத்தான்.

குடிவரவுக் காவல் தண்டனை கிடையாது. அதனால் “ஆறு மாதம்”, “ஒரு வருடம்” என்று ஒரு கால அளவு அதில் இருக்காது. கனடாச் சட்டத்தில் இந்தக் காவலுக்கு உச்சவரம்பும் இல்லை. அதற்குப் பதிலாக, குறித்த இடைவெளிகளில் ஒரு சுயாதீன அமைப்பு முன் நிறுத்த வேண்டும் என்ற கட்டாயம் இருக்கிறது. குடிவரவு, அகதிகள் வாரியத்தின் குடிவரவுப் பிரிவுதான் அந்த அமைப்பு. பிடித்த 48 மணி நேரத்துக்குள் முதல் விசாரணை. அதில் விடவில்லை என்றால், அடுத்த ஏழு நாளுக்குள் இரண்டாவது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முப்பது நாளுக்குள்ளும் ஒன்று. நம் ஆளைப் பிடித்தது மார்ச் 3 காலை பத்து மணி. மார்ச் 5 காலைக்குள் முதல் விசாரணை. அன்று நடந்து, விடுதலை கிடைக்காவிட்டால் மார்ச் 12-க்குள் இரண்டாவது. அதிலும் இல்லை என்றால், கடைசி நாளில் நடந்ததாக வைத்துக்கொண்டால் ஏப்ரல் 11-க்குள் மூன்றாவது. “எத்தனை நாள் வைப்பார்கள்” என்ற கேள்விக்கு இந்தத் தேதிகள்தான் நேர்மையான பதில். “எப்போது விடுவார்கள் என்று சொல்ல முடியாது, எப்போது கேட்கலாம் என்று சொல்ல முடியும்.”

காவல் தாளில் எந்தக் காரணத்தில் குறியிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். இவரைப் போன்ற தொழிலாளிக்குப் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் வரும்: சொன்ன நாளில் ஆஜராக மாட்டார் என்ற ஐயம், பொதுமக்களுக்கு ஆபத்து, அடையாளம் உறுதியாகவில்லை. ஒவ்வொன்றுக்கும் குடும்பம் செய்ய வேண்டியது வேறு வேறு. அடையாளம் என்றால், ஊரிலிருந்து பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, பழைய கடவுச்சீட்டின் நகல் என்று கிடைத்ததையெல்லாம் வேகமாக அனுப்ப வேண்டும். 2010-இல் சன் சீ கப்பலில் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்த 492 தமிழர்களில் பலர் மாதக்கணக்கில் காவலில் இருந்ததற்கு, அடையாளத்தை உறுதிசெய்யும் வேலை இழுத்ததும் ஒரு காரணம்.

நம் சமையல்காரரிடம் கடவுச்சீட்டு இருக்கிறது. அவருக்குக் குறியிட்டது முதலாவது, ஆஜராக மாட்டார் என்ற ஐயம். இதற்கு விசாரணையில் வைக்கத்தக்க நல்ல பதில், அங்கே ஊன்றியிருக்கும் ஒரு மனிதர். மனைவியின் பெரியம்மா மகன் பிராம்ப்டனில் நிரந்தரவாசியாக இருக்கிறார். அவர் பிணை நிற்கலாம். ஒரு தொகையைக் கட்டலாம், அல்லது தவறினால் கட்டுகிறேன் என்று கையெழுத்திடலாம். பிணை நிற்பவர் கனடாக் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும், அங்கேயே வசிக்க வேண்டும், இந்த ஆளை நிபந்தனைப்படி நடக்கவைக்க அவரால் முடியும் என்று நம்பவைக்க வேண்டும். கேள்விகள் வரும்: எத்தனை ஆண்டாகத் தெரியும், உங்கள் வீட்டில் எந்த அறையில் தங்குவார், பணம் எங்கிருந்து வந்தது? “சொந்தக்காரன் சார்” என்று மட்டும் சொல்லும் பிணையாளியைவிட, வாடகை ஒப்பந்தத்தையும் சம்பளச் சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு, “என் வீட்டின் கீழ்த்தளத்தில் தங்குவார், முகமை சொல்லும் நாளில் நானே காரில் கூட்டிப் போவேன்” என்று சொல்பவருக்கு எடை அதிகம். விட்டால், முகவரி மாறக் கூடாது, குறித்த நாளில் ஆஜராக வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் இருக்கும். மீறினால் பணம் போய்விடும், ஆளும் திரும்ப உள்ளே.

முதல் விசாரணை 48 மணி நேரத்தில் என்பதால், ஊரில் படங்கள் வந்து சேர்ந்து, ஒருவர் படித்து, பெரியம்மா மகனுக்குச் சொல்லி முடிப்பதற்குள் அது கடந்துவிட வாய்ப்புண்டு. கலங்க வேண்டாம். ஏழு நாள் விசாரணைக்கு முழுத் தயாரிப்போடு போகலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் வாரியமே ஏற்பாடு செய்யும். இந்த விசாரணையில் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு.

மூன்றாவது கேள்வி அப்பீல். இங்கேதான் எனக்கு மிகவும் கவலை. அப்பீல் என்ற சொல்லைச் சுருக்கத்தில் எழுதும் முன், ஆளுக்கு என்ன அந்தஸ்து இருந்தது என்று கேட்க வேண்டும். நிரந்தரவாசி என்றால், உத்தரவைப் பெற்ற 30 நாளுக்குள் வாரியத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். கடுமையான குற்றத் தண்டனை போன்ற சில நிலைகளில் மட்டும் அதுவும் இல்லை. தற்காலிக வேலை அனுமதியில் வந்தவருக்கு அந்த மேல்முறையீடு கிடையாது. அவருக்கு இருக்கும் வழி ஃபெடரல் கோர்ட். கனடாவுக்குள் எடுத்த முடிவு என்றால், அது தெரிந்த நாளிலிருந்து 15 நாள். “முப்பது நாள் இருக்கு” என்று யாராவது சொன்னதை நம்பிய தொழிலாளியின் குடும்பம், இருபதாம் நாள் வக்கீலைத் தேடும்போது கதவு சாத்தியிருக்கும். தனிக் காரணம் காட்டினால் நீதிபதி கூடுதல் காலம் தரலாம். ஆனால் அதை நம்பித் திட்டமிட முடியாது.

ஃபெடரல் கோர்ட்டில் நடப்பதும் அப்பீல் அன்று. முதலில் வழக்கை எடுத்துக்கொள்ளச் சொல்லி அனுமதி கேட்க வேண்டும். தாக்கல் கட்டணம் 50 கனடிய டாலர். ஒரு நீதிபதி பெரும்பாலும் தாள்களை மட்டும் பார்த்து அனுமதி தருவார் அல்லது மறுப்பார். மறுத்தால் அதற்குமேல் முறையீடு இல்லை. அனுமதி கிடைத்தால் விசாரணை நடக்கும். அங்கேயும் நீதிபதி கேட்பது “இவர் நல்லவரா, குடும்பம் கஷ்டப்படுமா” என்பதை அன்று. அதிகாரி முறைப்படி நடந்தாரா, அவருடைய முடிவு நியாயமான காரணத்தோடு நிற்கிறதா என்பதைத்தான். ஜெயித்தால் உத்தரவு ரத்தாகி, வேறொரு அதிகாரி புதிதாகப் பார்ப்பார். வேலை அனுமதி கைக்கு வந்துவிடாது.

நம் ஆளின் வழக்கில் சொல்ல என்ன இருக்கிறது? காலம் முடிந்தும் இருந்தார் என்பது உண்மையானால், அதிகாரிக்கே வேறு முடிவெடுக்க அதிக இடம் இல்லை. ஆகவே கோர்ட்டிலும் இடம் குறுகல்தான். இதை வீட்டாரிடம் மறைக்கக் கூடாது. ஆனால் பார்க்க வேண்டிய இரண்டு இடங்கள் உண்டு. நேர்காணலில் அவருக்குப் புரிகிற மொழியில் கேட்டார்களா, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்தார்களா என்பது ஒன்று. தேதிகள் சரியா என்பது மற்றது. ஏஜென்ட் அனுப்பிய விண்ணப்பம் எப்போது போனது, ஏற்கப்பட்டதா, செப்டம்பர் 10-க்குப் பிறகு வேறு ஏதாவது விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறதா? முடிவு வராத நீட்டிப்பு விண்ணப்பம் ஒன்று உண்மையிலேயே நிலுவையில் இருந்தால், காலம் கடந்தார் என்ற அடிப்படையே ஆட்டம் காணும். அதனால் ஏஜென்ட்டிடம் சண்டை போடுவதைப் பிறகு வைத்துக்கொண்டு, முதலில் அனுப்பிய விண்ணப்பத்தின் நகலையும் ரசீதையும் நிராகரிப்புக் கடிதத்தையும் வாங்குங்கள். அந்த ஏஜென்ட்டே “நான் கோர்ட்டுக்குப் போட்டுத் தர்றேன்” என்று சொன்னால் பணம் கொடுக்காதீர்கள். உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகராகவே இருந்தாலும், ஃபெடரல் கோர்ட்டில் ஒருவர் சார்பாக நிற்க வக்கீலால் மட்டுமே முடியும். பணம் இல்லையென்றால் ஒண்டாரியோவின் அரசுச் சட்ட உதவி அமைப்பிடம் கேட்டுப் பார்க்கலாம்.

எந்தத் தாளிலும் பளிச்சென்று எழுதாத ஒரு விஷயம் இருக்கிறது. 15 நாளுக்குள் கோர்ட்டில் மனுப் போட்டாலும், அது தானாக விமானத்தை நிறுத்தாது. இவருடைய உத்தரவு, மேல்முறையீடு இல்லாததால், கையெழுத்தான அன்றே அமலுக்கு வந்துவிட்டது. கூடிய சீக்கிரம் நிறைவேற்ற வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நிறுத்த வேண்டுமென்றால் தனியாக ஒரு தடை மனுப் போட வேண்டும். அதில் மூன்று விஷயம் காட்ட வேண்டும்: வழக்கில் உண்மையான ஒரு கேள்வி இருக்கிறது, இப்போது அனுப்பினால் பிறகு சரிசெய்ய முடியாத தீங்கு நேரும், நிறுத்திவைப்பதால் அரசுக்கு ஏற்படும் சிரமத்தைவிட அனுப்புவதால் இவருக்கு ஏற்படும் சிரமம் பெரியது. 1988-இல் டோத் என்பவருடைய வழக்கில் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்த அளவுகோல் இது. வேலை போய்விடும், கடன் அடைக்க முடியாது என்பவை குடும்பத்துக்கு இடி விழுந்தது மாதிரிதான். ஆனால் நாடு கடத்தப்படும் எவருக்கும் நேரக்கூடியவை என்பதால் கோர்ட் பொதுவாக இவற்றைச் சரிசெய்ய முடியாத தீங்காக எடுத்துக்கொள்வதில்லை.

ஊருக்குத் திரும்பினால் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று இருப்பவர்களின் கதை வேறு. இலங்கையிலிருந்து வேலைக்கு வந்த சிலருக்கு இது பொருந்தலாம். உத்தரவு வந்த பிறகு கனடாவுக்குள் அகதிக் கோரிக்கை வைக்க முடியாது. அந்த வாசல் உத்தரவோடு மூடிவிடுகிறது. மீதமிருப்பது, அனுப்புவதற்கு முன் ஆபத்தை மதிப்பிடும் ஒரு விண்ணப்பம். அதற்குத் தகுதி உண்டென்று அதிகாரி அறிவிப்புக் கொடுத்ததிலிருந்து 15 நாளுக்குள் படிவத்தைக் கொடுக்க வேண்டும், சான்றுகளுக்கு மேலும் 15 நாள். அந்த அறிவிப்பின்படி கெடுவுக்குள் கொடுத்தால், முடிவு வரும்வரை அனுப்புவது நிற்கும். இப்படிப்பட்டவர், தன்னைப் பற்றித் தன் நாட்டுத் தூதரகத்துக்குச் சொல்லலாமா என்று அதிகாரி கேட்கும்போது, யோசித்து, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். அந்த உரிமை அவருக்கு உண்டு.

பிராம்ப்டனில் இருக்கும் அண்ணன் இதையெல்லாம் படித்துவிட்டு, மார்ச் 6-ஆம் தேதி இரவு தங்கைக்கு எழுத வேண்டிய செய்தி ஏறக்குறைய இப்படி இருக்க வேண்டும்:

“தங்கச்சி, மாப்பிள்ளையோட நான் பேசிட்டேன். உடம்புக்கு ஒண்ணும் இல்ல. விமான நிலையத்துக்குப் பக்கத்துல குடிவரவுக் காவல் மையத்துல இருக்காரு. இது தண்டனை இல்ல, அவர் மேல திருட்டு மோசடின்னு எந்த வழக்கும் இல்ல. உத்தரவு மார்ச் 3-ஆம் தேதி கையில கொடுத்திருக்காங்க. காரணம் ஒண்ணுதான்: விசா காலம் முடிஞ்சும் கிளம்பலைன்னு. ஊருக்கு அனுப்பினா, கிளம்பின நாள்லேருந்து ஒரு வருஷம் தனி அனுமதி இல்லாம இங்க வர முடியாது. வாழ்நாள் தடை இல்ல. நேத்து நடந்த விசாரணைல விடல. அடுத்தது 12-ஆம் தேதிக்குள்ள. அதுல நான் ஜாமீன் நிக்கிறேன். வெளிய வந்தாலும் உத்தரவு அப்படியேதான் இருக்கும், அதைப் புரிஞ்சிக்கோ. உத்தரவை எதிர்த்து அப்பீல் கிடையாது. கோர்ட்டுல மனு போடலாம், 18-ஆம் தேதிதான் கடைசி. ஜெயிக்கிறது கஷ்டம்னு வக்கீல் சொல்றாரு. ஆனா பழைய விண்ணப்பத் தேதியெல்லாம் பார்த்துட்டுச் சொல்றேன்னாரு. மனு போட்டாலும் அனுப்புறது தானா நிக்காது. நீ செய்ய வேண்டியது: ஏஜென்ட் அனுப்பின மெயில், பணம் கட்டின ரசீது எது இருந்தாலும் இன்னைக்கே போட்டோ எடுத்து அனுப்பு. வேற யாரு பணம் கேட்டாலும் எனக்குச் சொல்லாம கொடுக்காத.”

இதில் ஒவ்வொரு தேதியும் தாளிலிருந்து எடுத்தது அல்லது தாளிலிருந்து எண்ணியது. மார்ச் 3-இல் கொடுத்த உத்தரவுக்கு 15-ஆம் நாள் மார்ச் 18. தெரியாததை அண்ணன் ஊகிக்கவில்லை. வக்கீல் சொன்னதை வக்கீல் சொன்னதாகவே எழுதியிருக்கிறார். படங்களை அழிக்காமல், நான்கு தாளையும் முழுப் பக்கமும் தெரியும்படி தங்கையும் ஒரு இடத்தில் சேமித்து வைக்க வேண்டும்.

கோர்ட்டுக்குப் போவதில்லை என்று முடிவு செய்தாலும், போய் முடியாமல் போனாலும், இன்னும் ஒரு தாள் வாங்க வேண்டியிருக்கிறது. அது வெளியேறியதற்கான சான்று. விமான நிலையத்தில் முகமையின் அதிகாரியிடம் போய், இவர் கிளம்புகிறார் என்பதை உறுதிசெய்து அவர் கொடுப்பது. சட்டத்தின் கண்ணில் உத்தரவு நிறைவேறுவது அப்போதுதான். ஓராண்டுத் தடை எண்ணப்படுவதும் அன்றிலிருந்துதான். ஜாமீனில் இருப்பவர் “எதுக்கு வம்பு” என்று தானே டிக்கெட் எடுத்து, யாரிடமும் சொல்லாமல் விமானம் ஏறிவிட்டால், ஊருக்கு வந்து சேர்ந்திருப்பார். ஆனால் கனடாவின் பதிவில் உத்தரவு நிறைவேறாமலே கிடக்கும். ஐந்து ஆண்டு கழித்து விசா கேட்டாலும், அந்த ஓராண்டு இன்னும் தொடங்கவே இல்லை என்பார்கள். டிபார்ச்சர் ஆர்டர் உள்ளவருக்கு இது இன்னும் மோசம். 30 நாளுக்குள் இந்தச் சான்று இல்லையென்றால், அவருடைய உத்தரவு டிப்போர்ட்டேஷனாக மாறியிருக்கும்.

முகமையின் செலவில் அனுப்பியிருந்தால், திரும்பி வர விண்ணப்பிக்கும்போது அந்தச் செலவைக் கட்டச் சொல்வார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சான்று வாங்காமல் ஏற்கெனவே ஊருக்கு வந்துவிட்டவர் கனடா விசா அலுவலகத்தை அணுகி, தான் வெளியேறிவிட்டதை அங்கே உறுதிசெய்யச் சொல்லிக் கேட்கலாம். கடவுச்சீட்டில் பதிந்த இந்திய வருகை முத்திரை, விமானச் சீட்டு, ஏறியதற்கான அட்டை ஆகியவை அப்போது தேவைப்படும்.